அந்தக் கடைசி வரியில் ஒளிந்திருக்கும் பன்னிரண்டு கோடி

கேள்வி: ஐயா, கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகங்கள் கடைசல் செய்து கொடுக்கும் எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் அப்பாவுக்கு 60%, அவருடைய நண்பருக்கு 40%. அவரை நான் சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது மாமா விலகப் போகிறார். மதிப்பீட்டாளர், இனி வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டும் டிசிஎஃப் முறையில் 16.2 கோடி என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார், மாமா அதில் 40% என்று 6.5 கோடி கேட்கிறார். பக்கத்துப் பட்டறைக்காரரோ மொத்தக் கம்பெனிக்கே 9 கோடிதான் தருவேன் என்கிறார். எக்செல்லில் நான் ஒரே ஒரு எண்ணை 6%-லிருந்து 4% ஆக மாற்றிப் பார்த்தேன், கிட்டத்தட்ட 3 கோடி காணாமல் போய்விட்டது. மாமாவை ஏமாற்றவும் மனமில்லை, கடனில் மாட்டவும் விருப்பமில்லை. எந்த எண்ணை நம்புவது?

பதில்:

நீங்கள் மாற்றிப் பார்த்த அந்த ஒரு எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் நேராக அங்கேயே போய்விடுவோம். அனுப்பிய எக்செல்லையும் பத்து வருட பேலன்ஸ் ஷீட்டையும் முழுக்கப் பார்த்தேன். மதிப்பீட்டாளர் கூட்டல் கழித்தலில் எந்தத் தப்பும் செய்யவில்லை. அடுத்த ஐந்து வருடம் கம்பெனியிலிருந்து வரி, மெஷின் செலவு, நடைமுறை மூலதனம் எல்லாம் போக மிஞ்சும் பணத்தை 100 லட்சத்தில் தொடங்கி வருடம் 10% ஏற்றி 146 லட்சம் வரை கொண்டுபோயிருக்கிறார், அதை 13% வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்த ஐந்து வருடப் பணமும் சேர்ந்து இன்றைய மதிப்பில் எவ்வளவு தெரியுமா? 4.19 கோடிதான். மீதி 12 கோடி எங்கிருந்து வந்தது என்றால், ஆறாவது வருடம் தொடங்கி கம்பெனி என்றென்றைக்கும் 6% வளர்ந்துகொண்டே இருக்கும் என்று ஒரே வரியில் எழுதிய டெர்மினல் வேல்யூவிலிருந்து. மொத்த மதிப்பில் அது 74%.

அந்த வரி இதுதான். இதில் F5 என்பது ஐந்தாம் வருடம் மிஞ்சும் பணம், r என்பது 13%, g என்பது 6%:

```
TV = F5 * (1 + g) / (r - g)
   = 146 * 1.06 / (0.13 - 0.06)
   = 2211
```

2211 லட்சம் என்பது ஐந்து வருடம் கழித்து நிற்கும் மதிப்பு. அதை இன்றைக்குக் கொண்டுவந்தால் 1200 லட்சம். கீழே வகுக்கும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே இருப்பது 13 இல்லை, 6 இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 7. இரண்டு ஊகங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிஞ்சிய சின்ன எண்ணால் ஒரு பெரிய எண்ணை வகுக்கிறோம். g-யை 4 ஆக்கினால் அந்த 7 என்பது 9 ஆகிறது, மொத்த மதிப்பு 16.2-லிருந்து 13.4 கோடிக்கு இறங்குகிறது. கூடவே r-ஐ 16 ஆக்கினால் நடுவில் 12 வந்துவிடும், மதிப்பு 9.9 கோடி. ஐந்து வருடக் கணிப்பில் ஒரு ரூபாயைக்கூட நீங்கள் தொடவில்லை, விற்பனையும் அதேதான், லாபமும் அதேதான். பட்டறையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எந்தப் புதுச் செய்தியும் இல்லாமலே 6 கோடி ஆடுகிறது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். டெர்மினல் வேல்யூ முக்கால் பங்கு இருக்கிறது என்பதாலேயே ரிப்போர்ட் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். நாளைக்கு மூடப்போகாத எந்தத் தொழிலிலும் பணம் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு அப்புறம்தான் வரும், அது இயல்பு. ஐந்து வருடக் கணிப்பைப் பத்து வருடமாக நீட்டினால் அந்தப் பங்கு குறைந்து தெரியும், ஆனால் ஊகம் ஒன்றும் குறைந்துவிடாது, டெர்மினல் வரியிலிருந்து ஆறாவது, ஏழாவது வருடத்துக் கட்டங்களுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். பங்கு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அந்த ஒரு வரிக்குள் என்ன நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. உங்கள் ரிப்போர்ட்டில் அப்படிப் பிரித்தபோது என் கண்ணில் பட்டது வளர்ச்சி விகிதம்கூட இல்லை. 6% வளர்வதற்கு வேண்டிய முதலீட்டை அவர் போடவே இல்லை.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். ஐந்தாம் வருடம் வரி கழித்த இயக்க லாபம் 160 லட்சம், மிஞ்சும் பணம் 146 லட்சம். ஆறாம் வருடம் இரண்டையும் 6% ஏற்றினால் லாபம் 169.6, மிஞ்சுவது 154.8. அப்படியானால் தொழிலுக்குள் திருப்பிப் போடுவது 15 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, லாபத்தில் ரூபாய்க்கு 9 பைசா கூட இல்லை. இப்போது உங்களுக்கு வரவேண்டிய பாக்கியைப் பாருங்கள். பம்ப் கம்பெனிகள் 90 நாள் கழித்துதான் பணம் தருகின்றன, காஸ்டிங்கும் ராடும் ஒரு மாதத்துக்கு இருப்பு வேண்டும், நீங்கள் சப்ளையருக்கு 45 நாளில் கொடுத்துவிடுகிறீர்கள். கழித்துக் கூட்டினால் 75 நாள் விற்பனை, அதாவது விற்பனையில் 20% எப்போதும் உள்ளே முடங்கிக் கிடக்கிறது. ஐந்தாம் வருட விற்பனை 19.3 கோடி என்று அவரே போட்டிருக்கிறார், அது 6% வளர்ந்தால் 1.16 கோடி கூடும், அதில் 20% என்றால் 23 லட்சம் நடைமுறை மூலதனத்துக்கே போய்விடும். அவர் திருப்பிப் போட்ட மொத்தமே 15 லட்சம்! மீதி 8 லட்சம் எங்கிருந்து வருகிறது? மெஷின்களிலிருந்து. தேய்மானத்தைவிட 8 லட்சம் குறைவாக மெஷின் வாங்கிக்கொண்டு, அந்தக் குறையையும் வருடா வருடம் 6% கூட்டிக்கொண்டே போய், பட்டறை தேய்ந்துகொண்டிருக்க விற்பனை மட்டும் என்றென்றைக்கும் ஏறிக்கொண்டிருக்கிறது.

அவர் ஏன் இப்படிப் போட்டார் என்பதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. நீங்கள் போன வருடம்தான் இரண்டு விஎம்சி மெஷின் இறக்கியிருக்கிறீர்கள், ஒரு ஷிப்ட்தான் ஓடுகிறது, அதனால் அடுத்த ஐந்து வருடம் பெரிய மெஷின் வாங்க வேண்டாம் என்று அவர் எடுத்தது சரியே. தேய்மானம் 77 லட்சம், மெஷின் செலவு 56 லட்சம் என்ற ஐந்தாம் வருடக் கணக்கு அந்த வருடத்துக்குப் பொருந்தும். அந்தச் சலுகை வருடத்தைப் பிடித்து என்றென்றைக்கும் நீட்டியதில்தான் பிசகு. அந்த விஎம்சிகள் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஸ்பிண்டில், பால் ஸ்க்ரூ என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும், அதற்கு முன்பே இரண்டு ஷிப்டும் நிரம்பியிருக்கும். டெர்மினல் வருடம் என்பது கணிப்பின் கடைசி வருடம் இல்லை. கம்பெனி எந்த விசேஷமும் இல்லாமல், மெஷினும் மாற்றிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டு நிற்கிற ஒரு சராசரி வருடம் அது. அந்த வருடத்தைத் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும், முந்தைய கட்டத்தை இழுத்துவிட்டால் போதாது.

நானே தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு இதே வேலையைச் செய்தேன். வாங்க வந்தவர் பெரிய படிப்பு படித்தவர் இல்லை, ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு "சார், இந்த கார்ரகேஷன் மெஷினை எப்போ மாத்துவாங்க?" என்று மட்டும் கேட்டார். என் கணக்கில் அதற்கு வருடமே இல்லை. அன்றைக்கு இரவு திரும்பவும் கணக்குப் போட்டபோது மதிப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. அதற்கப்புறம் எந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் கடைசி வருடத் தேய்மானத்தையும் மெஷின் செலவையும்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

சரி, எவ்வளவுதான் திருப்பிப் போட வேண்டும்? இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. உங்கள் பத்து வருட பேலன்ஸ் ஷீட்டில், தொழிலில் முடங்கியிருக்கும் முதல் மொத்தத்தையும், அதாவது மெஷின், கட்டடம், நடைமுறை மூலதனம் எல்லாம் சேர்த்து, அதற்கு வரி கழித்த லாபம் எவ்வளவு வந்தது என்று பார்த்தேன். நல்ல வருடமும் மோசமான வருடமும் சேர்ந்து சராசரி 16%. நூறு ரூபாய் போட்டால் பதினாறு ரூபாய் லாபம் கூடும் தொழில் என்றால், லாபம் 6% வளர்வதற்கு லாபத்தில் 6-ஐ 16-ஆல் வகுத்த பங்கு, அதாவது 37.5% உள்ளே போட வேண்டும். ரிப்போர்ட் போட்டது 9%-க்கும் கீழே. அதைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்: 8.75% மட்டும் போட்டு 6% வளர வேண்டும் என்றால் புதிதாகப் போடும் ஒவ்வொரு நூறு ரூபாயும் 69 ரூபாய் லாபம் தர வேண்டும். இரண்டே வாடிக்கையாளர்கள் ஆர்டரில் 70% வைத்துக்கொண்டு, வருடா வருடம் விலையைக் குறைக்கச் சொல்லும் ஜாப் ஒர்க் தொழிலில் 69% எப்படி வரும்? வந்தால் கணபதியில் பாதிப் பேர் நாளைக்கே அதே மெஷினை வாங்கி வைத்துவிடுவார்கள்.

அதனால் டெர்மினல் வரியை இப்படி எழுதுங்கள். N6 என்பது ஆறாம் வருடம் வரி கழித்த இயக்க லாபம், R என்பது போட்ட முதலுக்கு வரும் 16%:

```
TV = N6 * (1 - g / R) / (r - g)
```

g 6% என்றே வைத்துக்கொள்ளுங்கள், r-ஐயும் தொட வேண்டாம். மிஞ்சும் பணம் 154.8-க்குப் பதில் 106 லட்சம். மொத்த மதிப்பு 16.2-லிருந்து 12.4 கோடிக்கு வந்துவிடுகிறது. இப்போது நீங்கள் செய்த அதே சோதனையைச் செய்யுங்கள், g-யை 6-லிருந்து 4 ஆக்குங்கள். 11.7 கோடி. பழைய சூத்திரத்தில் 2.8 கோடி ஆடிய அதே மாற்றம் இப்போது 70 லட்சம்தான் ஆட்டுகிறது. ஏனென்றால் இப்போது வளர்ச்சி இலவசம் இல்லை, குறைவாக வளர்ந்தால் குறைவாக முதல் போட்டால் போதும், மிஞ்சும் பணம் கூடுகிறது. R என்பது r-க்குச் சமமாக, இரண்டுமே 13 என்று இருந்தால், ஆறாம் வருடத்துக்கு அப்புறம் வரும் வளர்ச்சியால் மதிப்பு ஏறவே ஏறாது. 13 ரூபாய் எதிர்பார்ப்பவரிடம் பணம் வாங்கி 13 ரூபாய் சம்பாதித்துக் கொடுப்பதில் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. உங்களை இத்தனை நாள் தூங்கவிடாமல் செய்த g-க்கு உண்மையில் அவ்வளவு கனம் இல்லை, முதலீட்டைச் சேர்க்காத கணக்குதான் அதற்கு அந்தக் கனத்தைக் கொடுத்தது.

இருந்தாலும் g-க்கு ஒரு எண் வேண்டும், என் கருத்து 4%. ரிசர்வ் வங்கி பணவீக்கத்துக்கு வைத்திருக்கும் இலக்கு 4%. கிட்டத்தட்ட அதே அளவு பாகங்களை, விலைவாசியோடு சேர்ந்து ஏறும் விலையில் விற்றுக்கொண்டிருப்பீர்கள் என்று அர்த்தம். உங்கள் வாடிக்கையாளர்கள் விலையேற்றம் கேட்டால் எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதனால் இதுவே கொஞ்சம் தாராளம்தான்.

அடுத்தது அந்த 13%. மதிப்பீட்டாளர் கிர்லோஸ்கர் பிரதர்ஸ், கேஎஸ்பி போன்ற பட்டியலிட்ட கம்பெனிகளின் பங்கு ஏற்ற இறக்கத்தை வைத்து இதை எடுத்திருக்கிறார். அந்தப் பங்கை வாங்கியவர் மனசு மாறினால் மறுநாள் காலை சந்தை திறந்ததும் விற்றுவிடலாம். உங்கள் கம்பெனியில் 40% வைத்திருக்கும் மாமா, விற்க ஆள் தேடி எத்தனை மாதமாக அலைகிறார்? வங்கி உங்கள் இடத்தை அடமானம் வாங்கிக்கொண்டு, மெஷினை ஹைப்பாதிகேஷனில் வைத்துக்கொண்டு, அப்பாவின் சொந்த ஜாமீனும் வாங்கிக்கொண்டு அன்றாடச் செலவுக்கு எடுக்கும் சிசி லிமிட் கடனுக்கு 10.5% கேட்கிறது. எந்த ஜாமீனும் இல்லாமல், எல்லாருக்கும் கொடுத்தது போகக் கடைசியில் நிற்கும் பங்குதாரருக்கு அதைவிட நிறையவே வேண்டும். கடனும் முதலும் கலந்த விகிதமாக 15% வரை போவதை நான் எதிர்க்கமாட்டேன். 15-க்கு மேலே ஏற்றி மாமாவின் பங்கை அமுக்குவதும் நியாயமில்லை, ஏனென்றால் இரண்டு பெரிய வாடிக்கையாளர்களும் இருபது வருடமாக உங்களோடு இருக்கிறார்கள். 15%, 4%, 16% என்று போட்டால் மதிப்பு 9.6 கோடி. ஆக 9.6-லிருந்து 11.7 கோடி வரை நேர்மையாக வாதாட இடம் இருக்கிறது.

இதில் இன்னும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அது மாமாவைப் பற்றியதே. அவர் இப்போது மாதம் 40,000 சம்பளம் எடுத்துக்கொண்டு ஆர்டர், வசூல், தரப் புகார் எல்லாம் பார்க்கிறார். அவர் போனபின் அந்த வேலைக்கு ஒரு ஆளை 1,40,000-க்குக் குறைந்து உங்களால் வைக்க முடியாது. வருடம் 12 லட்சம் கூடுதல் செலவு, வரி போக 9 லட்சம். பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் இதுவும் டெர்மினல் வரிக்குள் போய் என்றென்றைக்கும் 4% ஏறிக்கொண்டிருக்கும் செலவாக உட்காரும்போது 13% கணக்கில் 1 கோடியும், 15% கணக்கில் 82 லட்சமும் மதிப்பைக் குறைக்கிறது. சின்னக் கம்பெனிகளில் முதலாளி சம்பளம், அப்பா பெயரில் இருக்கும் கட்டடத்துக்குக் கொடுக்காத வாடகை, வீட்டுக் காரின் பெட்ரோல் இதெல்லாம் இப்படித்தான், பத்து மடங்கு பெருகி வந்து நிற்கும். ஐந்து வருடக் கணிப்பைத் தொடுவதற்கு முன்னால் இவற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதைக் கழித்தால் நம் எல்லை 8.8 முதல் 10.7 கோடி.

அப்புறம், மாமா 16.2 கோடியில் நேராக 40% எடுத்தது அடிப்படையிலேயே சரியில்லை. டிசிஎஃப்பில் இப்படி வருவது மொத்தத் தொழிலின் மதிப்பு, அதில் வங்கிக்கும் பங்கு உண்டு. உங்கள் டெர்ம் லோனும் சிசியும் சேர்ந்து 2 கோடி இருக்கிறது, அதைக் கழித்த பிறகுதான் பங்குதாரர்களுக்கு. ரிப்போர்ட்டின் எண்ணையே முழுசாக ஏற்றுக்கொண்டாலும் அவர் பங்கு 5.7 கோடிதான், 6.5 இல்லை. நம் எல்லையில் போட்டால் 40% என்பது 2.7 கோடியிலிருந்து 3.5 கோடி வரை. பக்கத்துப் பட்டறைக்காரரின் 9 கோடி என்பது உங்கள் இப்போதைய எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் வரும் லாபம், 1.8 கோடிக்கு ஐந்து மடங்கு, கடனைக் கழித்தால் மாமாவுக்கு 2.8 கோடி, அதுவும் இந்த எல்லைக்குள்தான் விழுகிறது. அவர் எந்த எக்செல்லும் போடாமல் சொன்ன எண் அது. ரிப்போர்ட்டின் டெர்மினல் வேல்யூவை ஐந்தாம் வருட எபிட்டா 2.9 கோடியால் வகுத்துப் பாருங்கள், 7.6 மடங்கு வருகிறது. உங்கள் ஏரியாவில் யாராவது ஒரு ஜாப் ஒர்க் பட்டறையை ஏழரை மடங்குக்கு வாங்கியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எந்த டிசிஎஃப் ரிப்போர்ட் கைக்கு வந்தாலும் இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

மாமாவிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் அதுதான் இருக்கிறது. அவரிடம் "உங்கள் ரிப்போர்ட் தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். மதிப்பீட்டாளரையும் கூட்டிவைத்து, டெர்மினல் வருடத்துக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: மெஷின் செலவு எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு, நடைமுறை மூலதனம் எவ்வளவு கூடும், போட்ட முதலுக்கு எவ்வளவு வரும். விஎம்சி எத்தனை வருடம் உழைக்கும் என்பது எங்கள் இருவரையும்விட மாமாவுக்கு நன்றாகத் தெரியும், அவரே பென்சிலை எடுத்துத் திருத்துவார். அப்படியும் எல்லையின் மேல் பக்கத்தில் நின்றால், 2.7 கோடியை இப்போது கொடுத்துவிட்டு, மீதியை அடுத்த மூன்று வருடம் அந்த இரண்டு வாடிக்கையாளர்களின் ஆர்டர் குறையாமல் இருந்தால் வருடா வருடம் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். எதிர்காலத்தைப் பற்றி அவர் சொல்வது உண்மையானால் அவருக்கு முழுசாகக் கிடைக்கும், இல்லையென்றால் வராத பணத்துக்கு நீங்கள் வட்டி கட்ட வேண்டியிருக்காது.

கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரிடம் வருமான வரிக் கணக்குக்கான பங்கு மதிப்பைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். அது சொத்து, கடன் கணக்கை ஒட்டியது, இந்த டிசிஎஃப் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் பேசி முடிக்கும் விலை அதற்குக் கீழே போனால் விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே வரி வரலாம்.